அறிவியல் கருத்தரங்குகளில் அமர்வுத் தலைவர் அறிமுகமும் கட்டுரைத் தலைப்பு வாசிப்பும்: தடையற்ற ஒலிப்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் கருத்தரங்கின் ஓர் அமர்வில் தொகுப்பாளர் பேசும் நேரம் மிகக் குறைவு. அக்குறுகிய நேரத்தில் அவர் அமர்வுத் தலைவரை அறிமுகம் செய்கிறார். கட்டுரையாளர்களின் பெயர்களையும் கட்டுரைத் தலைப்புகளையும் அவைக்கு அறிவிக்கிறார். தலைப்பு, எழுத்தில் கண்ணால் படிப்பதற்கென்று அமைக்கப்பட்டது. அதனைக் காதால் கேட்பதற்குரியதாக மாற்றும்போது நிறுத்தம், ஒலிப்பு, குறியீடு ஆகிய மூன்றிடங்களில் தடுமாற்றம் நேர்கிறது. தமிழின் தொடரமைப்பும் புணர்ச்சியும் எழுத்துமுறையும் இத்தடுமாற்றத்திற்கு எவ்வாறு காரணமாகின்றன என்பதையும் அதனை நீக்கும் வழியையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அமர்வுத் தலைவர், தொகுப்பாளர், கட்டுரைத் தலைப்பு, நிறுத்தம், புணர்ச்சி, ஒலிப்பு, தலைப்பெழுத்து.

முன்னுரை

1986ஆம் ஆண்டு பெட்நோர்ட்ஸ், முல்லர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, மீக்கடத்துத்திறன் பற்றிய ஆய்வின் போக்கையே மாற்றியது. மறு ஆண்டே அவ்விருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அக்கட்டுரையின் தலைப்பைத் தமிழில் பின்வருமாறு தரலாம்: 'Ba-La-Cu-O தொகுதியில் இருக்கக்கூடிய உயர் Tc மீக்கடத்துத்திறன்'. அதுவரை அறியப்பட்டிருந்த உச்ச அளவு ஏறத்தாழ 23 கெல்வின். இவர்கள் கண்ட பொருளில் மின்தடை வீழ்ச்சி 30 கெல்வினை ஒட்டியே தொடங்கியது. ஆயினும் அது மீக்கடத்துத்திறன்தான் என்று உறுதியாகக் கூறாமல் 'இருக்கக்கூடிய' என்னும் பொருள்தரும் சொல்லைத் தலைப்பின் முகப்பிலேயே வைத்தனர். அக்கட்டுரையின் அறிவியல் நேர்மை அவ்வொரு சொல்லில் இருக்கிறது.

இத்தலைப்பை ஒரு கருத்தரங்கில் தொகுப்பாளர் வாசிப்பதாகக் கொள்வோம். முதலில் வரும் குறியீடுகளைக் கண்டு அவர் தயங்குகிறார்; 'பா, லா, கு, ஓ' என்று எழுத்துக்கூட்டுகிறார்; தயக்கத்தை ஈடுசெய்ய எஞ்சிய பகுதியை விரைந்து முடிக்கிறார். அவ்விரைவில் 'இருக்கக்கூடிய' என்னும் சொல் விழுங்கப்படுகிறது. அவையினர் காதில் விழுவது 'உயர் மீக்கடத்துத்திறன்' மட்டுமே. ஆய்வாளர் ஐயத்துடன் முன்வைத்த கருத்து, தொகுப்பாளர் வாயில் முடிந்த முடிபாகிவிட்டது. வினா நேரத்தில் எழும் முதல் கேள்வி, ஆய்வாளர் கூறாத ஒன்றைப் பற்றியதாக அமையக்கூடும். தலைப்பு வாசிப்பில் நேரும் பிழையைக் குரல்வளம் சார்ந்த குறையாக மட்டும் கருத இயலாது என்பதற்கு இது சான்று.

தொடரமைப்பும் நிறுத்தமும்

ஆங்கிலத் தலைப்பில் முதன்மைச் சொல் பெரும்பாலும் முன்னே வரும்; அதனை விளக்கும் அடைகள் பின்னே தொடரும். தமிழில் நிலை நேர்மாறானது. அடைகள் அனைத்தும் முன்னே அடுக்கப்பட, அவை தழுவும் பெயர் இறுதியில் வருகிறது. எனவே தமிழ்த் தலைப்பைக் கேட்பவர் அதன் இறுதிச் சொல் வரும்வரை முந்தைய சொற்களை நினைவில் ஏந்திக் காத்திருக்க வேண்டியவராகிறார். அவருக்கு உதவக்கூடியது தொகுப்பாளரின் நிறுத்தம் ஒன்றே.

இக்கட்டுரையின் விளக்கத்திற்கென அமைத்துக்கொண்ட ஒரு தலைப்பைக் காணலாம். தமிழகக் கல்லூரிகளின் வேதியியல், நுண்ணுயிரியல் கருத்தரங்குகளில் இவ்வகைத் தலைப்பைக் கேளாதவர் குறைவு.

'வேப்பிலைச் சாற்றைக் கொண்டு பசுமைத் தொகுப்பு முறையில் உருவாக்கிய வெள்ளி நானோதுகள்களின் பாக்டீரிய எதிர்ப்புத்திறன்: ஈ. கோலை, எஸ். ஆரியஸ் – ஓர் ஒப்பீடு'

இதனை ஒரே மூச்சில் சொல்ல முயல்பவர் 'உருவாக்கிய' என்பதை ஒட்டி மூச்சிழந்து நிற்பார். அது நிற்கக்கூடாத இடம். 'உருவாக்கிய' என்பது பெயரெச்சம். தனக்குரிய பெயரை நோக்கி நிற்பது. அங்கே நிறுத்தினால் 'வெள்ளி' என்னும் சொல் புதிதாகத் தொடங்குவதுபோல் ஒலிக்கும். உலோகம், கோள், கிழமை ஆகிய மூன்றுக்கும் உரிய அச்சொல் தனித்து ஒலிக்கும்போது கேட்பவர் ஒரு நொடி திகைப்பது இயல்பு. வானியல் அமர்வாக இருப்பின் திகைப்பு இன்னும் நீளும்.

முறையான நிறுத்தத்தைச் சாய்கோடுகளால் பின்வருமாறு குறிக்கலாம். ஒற்றைக் கோடு சிறு நிறுத்தத்தையும் இரட்டைக் கோடு மூச்செடுக்கும் நிறுத்தத்தையும் காட்டும்.

வேப்பிலைச் சாற்றைக் கொண்டு / பசுமைத் தொகுப்பு முறையில் / உருவாக்கிய வெள்ளி நானோதுகள்களின் // பாக்டீரிய எதிர்ப்புத்திறன் // ஈ. கோலை / எஸ். ஆரியஸ் / ஓர் ஒப்பீடு

முதல் கூறு எதனைக் கொண்டு என்பதையும், இரண்டாவது எம்முறையில் என்பதையும், மூன்றாவது எப்பொருள் என்பதையும், நான்காவது அப்பொருளின் எப்பண்பு என்பதையும் சொல்கின்றன. ஒவ்வொரு கூறும் ஒரு வினாவுக்கு விடையாகிறது. நிறுத்தம் இடத் தெரியாதவர், கூறுகளை இவ்வாறு வினாவி விடை காணும் இடங்களில் கோடிட்டாலே போதும். ஓசைக்காகச் சொல்லைப் பொருளற்ற இடத்தில் பிளப்பதை யாப்பிலக்கணத்தார் வகையுளி என்பர். செய்யுளில் அதற்கு ஓசை என்னும் காரணமேனும் உண்டு. தலைப்பு வாசிப்பில் மூச்சுமுட்டல் தவிர வேறு காரணமில்லை.

புணர்ச்சியும் இங்கு வழிகாட்டியாகிறது. 'வேப்பிலைச் சாற்றை', 'பசுமைத் தொகுப்பு', 'எதிர்ப்புத்திறன்' என வல்லொற்று மிக்கு எழுதப்பட்ட இடம் இரு சொற்களும் ஒட்டி ஒலிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். 'வேப்பிலைச்' என்று சொல்லி நிறுத்தினால் அவ்வொற்று அந்தரத்தில் தொங்கும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளின் பின் மிகும் ஒற்று, நீண்ட தொடர்களில் நிறுத்தத்திற்குரிய இடத்திலேயே வந்துவிடுகிறது. 'நோயாளிகளுக்குப் பயன்படும்' என்பதில் 'நோயாளிகளுக்கு' என்பதன் பின் நிறுத்த நேர்ந்தால் ஒற்றை விட்டுவிட்டுச் சொல்வதே பேச்சுக்கு இயல்பு. அச்சில் உள்ள ஒற்றை நிறுத்தத்தோடு சேர்த்து ஒலிக்க முயல்வதே பலரது நாத்தடுமாற்றத்திற்குக் காரணம்.

முக்காற்புள்ளி தனிக் கவனம் வேண்டுவது. 'எதிர்ப்புத்திறன்' என்னுமிடத்தில் குரலை முழுமையாகத் தாழ்த்தினால் தலைப்பு முடிந்துவிட்டதாக அவை கொள்ளும். சில அரங்குகளில் கைதட்டலும் எழுந்துவிடும். அதன்பின் வரும் துணைத்தலைப்பு கைதட்டலுக்குள் மறையும். அவ்விடத்தில் குரலைச் சற்று உயர்த்தியே நிறுத்தி, 'ஒப்பீடு' என்பதில் மட்டும் தாழ்த்த வேண்டும்.

நிறுத்தம் பொருளையே மாற்றுவதும் உண்டு. சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற குறிப்பின் தலைப்பை 'ஒரு புதிய வகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு' எனத் தமிழாக்கலாம். 'ஒரு புதிய வகை / இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு' என்றால் இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு முன்பே அறியப்பட்டது, அதன் வகை மட்டும் புதியது என்னும் கருத்து விளங்கும். 'ஒரு புதிய / வகை இரண்டாம்நிலை / கதிர்வீச்சு' என்று பிளந்தால் எது புதியது என்பதே புலனாகாது. நான்கைந்து சொற்களே உள்ள தலைப்பிலும் இவ்விடர் இருக்கிறது.

எழுத்து ஒன்று, ஒலி பல

தமிழ் எழுத்துமுறையில் வல்லின எழுத்து ஒவ்வொன்றும் இடத்திற்கேற்ப ஒலி மாறும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அது ஒலிப்பிலா ஒலியாகவும், மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடை ஒலியாகவும் வரும். தமிழ்ச் சொற்களுக்கு இவ்விதி போதுமானது. அறிவியல் கடன்சொற்கள் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை.

TiO₂ என்னும் சேர்மத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் 'டைட்டானியம் டைஆக்சைடு' என்றாகும். இரு சொற்களும் 'டை' என்றே தொடங்குகின்றன. ஆனால் முதற்சொல்லின் 'ட' ஒலிப்பில்லாதது. 'பட்டம்' என்பதில் உள்ள இரட்டித்த டகரத்தை ஒத்தது. இரண்டாம் சொல்லின் 'ட' ஒலிப்புடையது; 'வண்டி' என்பதில் உள்ளது போன்றது. அச்சேறிய தாளை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு இவ்வேறுபாடு தெரிய வழியில்லை. இரண்டையும் ஒன்றுபோல் ஒலிப்பவர் அத்துறையைச் சாராதவர் என்பதை அரங்கில் உள்ள வேதியியலார் உடனே அறிவர். பேரியம், போரான், கேலியம் ஆகியன ஒலிப்புடைய எழுத்தில் தொடங்குவன. பொட்டாசியம், பாலிமர், கார்பன் ஆகியன ஒலிப்பில்லாத எழுத்தில் தொடங்குவன. 'பாக்டீரியா' என்பதில் பகரம் ஒலிப்புடையது; ககரமும் டகரமும் ஒலிப்பில்லாதன. ஒலிப்புடைய எழுத்தின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது எளிய தீர்வு. ஒரு தலைப்பில் இத்தகைய புள்ளிகள் மூன்று நான்குக்கு மேல் வருவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'இராமன்', 'இரேடியம்', 'இலாந்தனம்' என மரபுப்படி எழுதப்பட்ட சொற்களின் முதலில் உள்ள இகரம் எழுத்து மரபுக்குரியது. பேச்சில் அது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. 'ராமன் விளைவு' என்று சொல்வதே செவிக்கு இயல்பாக இருக்கும். ஆனால் 'உலோகம்' என்பதில் உகரத்தை விட முடியாது. வழக்கறிந்து செய்ய வேண்டியது இது. விதி கூறி முடிப்பதற்கில்லை.

அயல்நாட்டு அறிஞர் பெயர்களால் அமைந்த கலைச்சொற்களும் அடிக்கடி இடறுவன. கணிதத்தில் வரும் ஆய்லர், ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவரிடம் 'யூலர்' ஆகிவிடுகிறார். பொருளலைக் கருத்தைத் தந்த பிரெஞ்சு அறிஞரின் பெயரில் எழுத்தில் உள்ள ககரம் ஒலியில் இல்லை. 'தெ ப்ரோய்' என்பது அதற்கு நெருங்கிய ஒலிப்பு. எனினும் தமிழ்ப் பாடநூல் வழியாகப் பரவிய வடிவத்தையே கட்டுரையாளர் தம் உரையில் ஆள்வாராயின் தொகுப்பாளரும் அதனையே சொல்வது தகும். ஒரே அரங்கில் ஒரே பெயர் இருவேறு வகையில் ஒலிப்பது, அவற்றுள் ஒன்று சரியானதாகவே இருப்பினும், அவையின் கவனத்தைக் கலைக்கும்.

குறியீடுகளைச் சொல்லாக்குதல்

குறியீடு என்பது கண்ணுக்குரிய சுருக்கம். செவிக்கு அதனை விரித்தே தர வேண்டும். பெட்நோர்ட்ஸ், முல்லர் தலைப்பில் உள்ள Ba-La-Cu-O என்பதை 'பேரியம், லாந்தனம், செம்பு, ஆக்சிஜன்' என்று விரித்துச் சொல்ல வேண்டும். இடையிலுள்ள சிறுகோடுகள் ஒலிப்பதற்குரியன அல்ல, சிறு நிறுத்தங்களே. Tc என்பதை இயற்பியலார் மட்டும் உள்ள அரங்கில் 'டி சி' என்று சொல்லலாம். பல துறையினர் கூடிய அரங்கில் 'மாறுநிலை வெப்பநிலை' என விரிப்பது நலம். அப்போது முழுத்தலைப்பும் இவ்வாறு ஒலிக்கும்: 'பேரியம், லாந்தனம், செம்பு, ஆக்சிஜன் தொகுதியில் / இருக்கக்கூடிய / உயர் மாறுநிலை வெப்பநிலை மீக்கடத்துத்திறன்'. இதில் 'இருக்கக்கூடிய' என்பதற்கு இருபுறமும் சிறு நிறுத்தம் தந்து அழுத்திச் சொல்ல வேண்டும்.

சுருக்கப்பெயர்களில் சில எழுத்தெழுத்தாகவும் சில சொல்லாகவும் வழங்குகின்றன. DNA, PCR, pH ஆகியன முதல் வகை. LIGO என்பதை 'லைகோ' என்றும் CRISPR என்பதை 'கிரிஸ்பர்' என்றும் ஒரு சொல்லாகவே சொல்வர். இவ்வேறுபாட்டை எழுத்தைப் பார்த்து ஊகிக்க இயலாது, கேட்டறிய வேண்டும். உயிரினங்களின் இருசொற் பெயரில் பேரினம் ஓரெழுத்தாகச் சுருக்கப்பட்டிருந்தால் அதனை விரித்தே வாசிப்பது பொதுவாகப் பொருந்தும். 'எஸ். ஆரியஸ்' என்பது 'ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்றாகும். 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்கும் பேரினங்கள் பலவாதலின் சுருக்கம் கேட்பவருக்கு எதனையும் உணர்த்துவதில்லை. 'ஈ. கோலை' மட்டும் சுருக்கமாகவே வேரூன்றிவிட்டது. அதனை விரிக்காவிடினும் குறையில்லை.

பெயர் முன்னர், தலைப்பு பின்னர்

தொகுப்பாளர் பலர் பின்பற்றும் தொடர் இது: '“…” என்னும் தலைப்பில் இன்னார் கட்டுரை வழங்குவார்'. எழுத்தில் குறையற்ற இத்தொடர், தலைப்பு பதினைந்து சொற்களாகும்போது பேச்சில் சுமையாகிறது. தலைப்பு தொடரின் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அதன் இறுதிச் சொல் 'என்னும்' என்பதோடு புணர்ந்து 'ஒப்பீடென்னும்' என உருத்திரிகிறது. யார் பேசப்போகிறார் என்பது கடைசிவரை தெரிவதில்லை. இதனை இரு தொடர்களாகப் பிரிப்பது நல்லது: 'அடுத்து உரையாற்றுபவர் இன்ன கல்லூரியின் முனைவர் பட்ட ஆய்வாளர் இன்னார். அவரது கட்டுரையின் தலைப்பு: …'. பெயர் முன்னரே வந்துவிடுவதால் கட்டுரையாளர் எழுந்து மேடைக்கு நடக்கத் தொடங்குவார். தலைப்பு வாசித்து முடியும்போது அவர் ஒலிவாங்கியின் முன் நிற்பார். இவ்வாறு ஒவ்வொரு கட்டுரைக்கும் கிடைக்கும் சில நொடிகள் சிறியன அல்ல.

இணை ஆசிரியர்கள் பலராயின் மேடையில் உரையாற்றுபவர் பெயரை மட்டும் சொன்னால் போதும். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததை 2016ஆம் ஆண்டு அறிவித்த கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் உண்டு. மூவர் நால்வர் உள்ள கட்டுரைக்கும் அதே நெறி பொருந்தும்; எஞ்சியோர் பெயரைக் கட்டுரையாளரே தம் முதல் திரையில் காட்டுவார்.

அமர்வுத் தலைவர் அறிமுகம்

அமர்வுத் தலைவரின் பணி நேரத்தைக் காப்பதும் வினாக்களை நெறிப்படுத்துவதும் ஆகும். அவரை அறிமுகம் செய்வதன் நோக்கம், இவ்வமர்வின் பொருளில் அவருக்குள்ள தகுதியை அவைக்கு உணர்த்துவதே. ஆயினும் நான்கு பக்கத் தன்விவரக் குறிப்பு முழுவதும் வாசிக்கப்படுவதைப் பல அரங்குகளில் காணலாம். தொண்ணூறு நிமிட அமர்வில் ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் உரையும் வினாவும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் என்றால் எஞ்சுவது பதினைந்து நிமிடமே. தலைவர் அறிமுகம் ஐந்து நிமிடமும் கட்டுரையாளர் ஒவ்வொருவருக்கும் இரு நிமிடமும் எடுத்துக்கொண்டால் அப்பதினைந்தும் தீர்ந்துவிடும். கணினி இணைப்பில் சிறு கோளாறு வந்தாலும் இழப்பு ஐந்தாம் கட்டுரையாளருக்கே. அவர் பெரும்பாலும் முதன்முறையாக மேடையேறும் இளம் ஆய்வாளராக இருப்பார்.

அறிமுகத்திற்கு நான்கு தொடர்கள் போதுமானவை. நானோபொருள் குறித்த அமர்வுக்கு அது இவ்வாறு அமையலாம்:

'இவ்வமர்வுக்குத் தலைமையேற்பவர் இன்ன பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைப் பேராசிரியர். தாவரச் சாறுகளைக் கொண்டு உலோக நானோதுகள்களை உருவாக்கும் ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருபவர். இன்று வாசிக்கப்படவுள்ள ஐந்து கட்டுரைகளுள் மூன்று அத்துறையைச் சார்ந்தவை. பேராசிரியர் முனைவர் இன்னார் அவர்களை அமர்வை நடத்தித்தருமாறு அன்புடன் அழைக்கிறோம்.'

இங்கே பெயர் இறுதியில் வருகிறது. தலைவரை அழைக்கும் தருணமும் பெயரும் ஒன்றாக அமைவதால் கைதட்டல் உரிய இடத்தில் எழும். கட்டுரையாளருக்குப் பெயர் முன்னும் தலைவருக்குப் பெயர் பின்னும் வருவது முரண் போலத் தோன்றலாம். முன்னதில் அவை எதிர்நோக்குவது தலைப்பை; பின்னதில் எதிர்நோக்குவது ஆளை. விருதுகள், வெளியீடுகளின் எண்ணிக்கை, வெளிநாட்டுப் பயணங்கள் ஆகியவற்றை நிகழ்ச்சிக் கையேட்டுக்கு விட்டுவிடலாம்.

பெயரில் கவனம் வேண்டுவது தலைப்பெழுத்து. 'எஸ்.' என்பது தமிழில் ச., சு., செ., சி. என எதுவாகவும் இருக்கக்கூடும். தமிழ்ப்பற்றின் காரணமாகத் தொகுப்பாளர் தாமே அதனைத் தமிழாக்கினால், ஒருவரது தந்தையின் பெயரை மாற்றியவராகிவிடுவார். சி. வி. இராமன் என்பதன் விரிவு சந்திரசேகர வேங்கட இராமன். தமிழ்த் தலைப்பெழுத்தில் அது ச. வே. என்றாக வேண்டும், ஆனால் அவ்வாறு சொன்னால் அவரை எவரும் அடையாளம் காணார். தலைவர் தம் பெயரை எவ்வாறு எழுதுகிறாரோ அவ்வாறே சொல்ல வேண்டும். 'டாக்டர்' என்னும் சொல் முனைவரையும் மருத்துவரையும் ஒருங்கே குறிப்பதால், மருத்துவ அறிவியல் அமர்வுகளில் அதனைத் தவிர்த்து இரண்டையும் வேறுபடுத்துவது தெளிவு தரும்.

வாசிப்புத்தாள்

மேற்கூறியவற்றை மேடையில் நின்று நினைவுகூர முடியாது. ஒரு கட்டுரைக்கு ஒரு தாள் என்ற அளவில், பெரிய எழுத்தில், நிறுத்தக் கூறு ஒவ்வொன்றும் தனி வரியாக, குறியீடுகள் சொற்களாக விரிக்கப்பட்டு, ஒலிப்புப் புள்ளிகளுடன் வாசிப்புத்தாளை அணியமாக்க வேண்டும். கூறு ஒரு வரியைத் தாண்டி உடைந்தால் கண் அடுத்த வரிக்குத் தாவும் இடத்தில் நாவும் இடறும். பின்னர் அதனை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனத்துக்குள் படிக்கும்போது எல்லாத் தலைப்பும் சரளமாகவே தோன்றும். மூன்று முறை வாய்விட்டுப் படித்தும் ஒரே இடத்தில் தடை எழுந்தால், அங்கு நிறுத்தம் தவறான இடத்தில் இடப்பட்டிருக்கிறது எனக் கொள்ளலாம். கோட்டை ஒரு சொல் முன்னோ பின்னோ நகர்த்திப் பார்த்தல் பெரும்பாலும் பயன்தரும்.

அமர்வு தொடங்குவதற்கு முன் கட்டுரையாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டே: 'தங்கள் பெயரை ஒருமுறை சொல்லுங்கள், தலைப்பை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்'. தலைப்பு கையேடு அச்சான பின் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் இப்போது தெரியவரும். வாசித்துக்காட்டும் கட்டுரையாளரே தடுமாறுவதும் உண்டு. அப்போது அவர் எங்கே தடுமாறினாரோ அங்கே நிறுத்தக்கோடு இட்டுக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பின்னும் மேடையில் ஒரு சொல் பிறழ்ந்துவிட்டால் அச்சொல்லை மட்டும் திருத்திச் சொல்வது பயன்தராது, தொடர் அறுந்துவிடும். அக்கூற்றின் முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். 'பசுமைத் தொகுப்பு' பிறழ்ந்தால் 'பசுமைத் தொகுப்பு முறையில்' என்று அக்கூற்றை முழுமையாகச் சொல்லித் தொடரலாம். பிறழ்ந்தது ஒருவரது பெயராக இருந்தால் மட்டும் ஒரு சொல்லில் பொறுத்தருளக் கோரிப் பெயரை முழுமையாகத் திருத்திச் சொல்ல வேண்டும்.